பட்டென்று வைத்த போனுக்கு ஒரு பதில் மெயில்!

"இப்ப நேரமில்லைங்க. எதுவா இருந்தாலும் மெயில் போடுங்க." அவ்வளவுதான், போனை வைத்துவிட்டார். நீ உன் பெயரைக்கூட முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. முன்பின் தெரியாதவரை அழைத்துப் பேசும் கோல்டு கால் வேலையில் இருப்பவனுக்கு இது அன்றாடம் நடப்பது. அன்றாடம் நடந்தாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கிறது. பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகிறாய்.

அடிக்காதே! உன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும் அளவுக்கு அவர் உன்னைக் கேட்கவே இல்லை. அவர் சொன்னதைச் சொல் சொல்லாகத் திரும்பக் கேள். "மெயில் போடுங்க" என்றார். தட்டிக்கழிக்கச் சொல்லியிருக்கலாம், உண்மையாகவும் சொல்லியிருக்கலாம். எதுவாயினும் அது அவர் வாயால் கொடுத்த அனுமதி. அதைப் பயன்படுத்தாமல் விட்டால் இழப்பு உனக்குத்தான்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. கம்ப்ரசரிலிருந்து மெஷின்களுக்குப் போகும் காற்று எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடித்துத் தருவது உன் தொழில். மெயின்டனன்ஸ் மேனேஜரை மதியம் 1.50-க்கு அழைத்தாய். 2 மணிக்கு அங்கே ஷிப்ட் மாறுகிறது. பின்னால் மெஷின் சத்தம், யாரோ அவரைக் கூப்பிடும் குரல். அவர் எரிந்து விழுந்ததற்குக் காரணம் உன் குரலா, கடிகாரமா? நீயே சொல்!

போன் வைத்த கையோடு மூன்றைக் குறித்து வை: அழைத்த நேரம், அவர் சொன்ன சொற்கள், பின்னணியில் கேட்டது. இந்தக் குறிப்பில் இருந்துதான் மெயில் பிறக்கும். "வேண்டாம், இனிமேல் கூப்பிடாதீங்க" என்று அவர் சொல்லியிருந்தால் மெயிலே கிடையாது. அது தெளிவான மறுப்பு. அதை மதிப்பதும் தன்மானமே. "நேரமில்லை", "அப்புறம்", "மெயில் போடுங்க" என்பவை வேறு. இவற்றுக்கு எழுதியே ஆக வேண்டும். மெயில் முகவரி கிடைக்கவில்லையா? ஆலை அலுவலகத்தை அழைத்து, "மேனேஜர் மெயில் போடச் சொன்னார், ஐடி சொல்லுங்கள்" என்று நேராகக் கேள். ஊகித்து ஒரு முகவரி போட்டால் அது திரும்பி வரும், அல்லது சம்பந்தமில்லாத யாருக்கோ போய்ச் சேரும்.

எப்போது அனுப்புவது? அன்றே, ஓரிரு மணி நேரத்துக்குள். ஷிப்ட் பரபரப்பு அடங்கியிருக்கும்; உன் அழைப்பும் அவருக்கு மறந்திருக்காது. நாளை என்று தள்ளிப்போட்டால் நீ மறுபடி முன்பின் தெரியாதவன்.

இப்போது எழுது. ஆங்கிலமோ தமிழோ, அமைப்பு இதுதான்:

பொருள்: மதியம் பேசியது – கம்ப்ரசர் காற்றுக் கசிவு

வணக்கம் சார்,
இன்று 1.50-க்கு அழைத்தேன். மெயில் அனுப்பச் சொன்னீர்கள்.

உங்கள் ஆலையில் காற்றுக் கசிவு எவ்வளவு என்பதை நீங்களே செலவில்லாமல் அளக்கலாம். விடுமுறை நாளில் எல்லா மெஷினும் நிற்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். லோடில் எவ்வளவு நேரம், அன்லோடில் எவ்வளவு நேரம் என்று சில சுற்றுகள் குறியுங்கள். லோடு 2 நிமிடம், அன்லோடு 6 நிமிடம் என்றால் மொத்தம் 8-ல் 2. அதாவது, கம்ப்ரசர் திறனில் 25 சதவீதம் கசிவுக்கே போகிறது. வேகம் மாறி ஓடும் விஎஃப்டி கம்ப்ரசருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

10 சதவீதத்தைத் தாண்டினால், கசியும் இடங்களைக் கண்டுபிடித்துத் தருவது எங்கள் வேலை.

உங்களுடையது லோடு–அன்லோடு வகையா, விஎஃப்டியா?

கீழே உன் பெயர், போன் எண். முடிந்தது.

இந்த மெயிலில் என்ன இல்லை என்று பார். "தொந்தரவுக்கு மன்னிக்கவும்" இல்லை. நீ குற்றம் செய்யவில்லை, எதற்கு மன்னிப்பு? "நீங்கள் பேச மறுத்ததால்" என்ற முறைப்பும் இல்லை. நடந்தது ஒரே வரியில், உள்ளது உள்ளபடி. "விரிவாகப் பேசியபடி" என்று ஒரு பொய்யும் இல்லை. பேசியது சில நொடி என்பது அவருக்கும் தெரியும். கம்பெனி வரலாறு இல்லை. கனமான பிரோஷர் இணைப்பு இல்லை. "அரை மணி நேரம் ஒதுக்குங்கள்" என்ற கோரிக்கை இல்லை. அரை நிமிடம் தராதவரிடம் அரை மணி கேட்பது அவர் சொன்னதைக் காதில் வாங்காததற்குச் சமம்.

இருப்பது இரண்டே. உன்னிடம் ஒரு ரூபாய்க்குக்கூட எதுவும் வாங்காவிட்டாலும் அவருக்குப் பயன்படும் ஒரு செய்தி. ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி. உன் தன்னம்பிக்கை அந்தச் செய்தியில்தான் இருக்கிறது! தன் தொழில் தெரிந்தவனால் மட்டுமே இப்படி எழுத முடியும். உன் பொருளைப் பற்றி இப்படி ஒரு செய்தி உனக்குத் தெரியாவிட்டால், இன்று இரவே உட்கார்ந்து கற்றுக்கொள். அதன்பின் உன் குரல் தானாக நிமிரும்.

பதில் வரவில்லையா? மூன்று வேலை நாள் பொறு. பிறகு அதே மெயிலின் தொடர்ச்சியாக இன்னொன்று எழுது. "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்காதே, அது அவர் தலையில் ஒரு கடனை ஏற்றுவது. புதிதாக ஒன்றைக் கொடு: "கசிவு அதிகம் இருக்கும் இடங்கள் ஹோஸ் இணைப்பு, எஃப்ஆர்எல் யூனிட், ட்ரெயின் வால்வு. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்." இரண்டு வரி போதும்.

"மெயிலைத் திறந்ததைப் பார்த்தேன் சார்" என்று மட்டும் ஒருநாளும் எழுதாதே. வேவு பார்க்கப்பட்டவர் உன்னை நம்பமாட்டார். தவிர, மெயில் திறந்ததாகக் காட்டும் அந்தக் கணக்கே நம்பத்தக்கதல்ல. ஆப்பிள் நிறுவனம் 2021-ல் கொண்டுவந்த தனியுரிமை வசதியை வைத்திருப்பவரின் மெயில், அவர் தொடாமலே திறந்ததாகக் காட்டக்கூடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை அழை. இந்த முறை 1.50-க்கு அல்ல, ஷிப்டெல்லாம் சீரான பிறகு காலை 11 மணி வாக்கில். "லோடு–அன்லோடு கணக்கு அனுப்பியிருந்தேன் சார்" என்று தொடங்கு. இப்போது நீ அந்நியன் இல்லை. "அதுக்கு பர்ச்சேஸ்ல பேசுங்க" என்று அவர் சொன்னாலும் வெற்றியே. சரியான ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அப்போதும் அசைவில்லையா? "தேவைப்படும்போது அழையுங்கள்" என்று கடைசியாக ஒரு வரி எழுதி மரியாதையாக நிறுத்து. எல்லா மெயிலுக்கும் பதில் வராது. வராத பதிலுக்காக நீ குறைந்துபோகவும் மாட்டாய்.

இன்று உன் பட்டியலில் கோடு போட்டு அடித்த பெயர்களை எடு. அவற்றில் "மெயில் போடுங்க" என்று சொன்னவர் யார் என்று பார். கெஞ்சாமல், முறைக்காமல், பயனுள்ள ஒரு செய்தியோடு அவருக்கு இப்போதே எழுது!