வசையின் இலக்கு

ஆபாசம் என்ற சொல்லை ஒரு கவிதையின் மேல் எறிந்துவிட்டால் அதைப்பற்றி மேலே யோசிக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையே பலமாக இருக்கிறது. இதற்கு எதிர்வரிசையில் நிற்பவர்கள், பழங்கவிஞன் கொச்சையாக எழுதியிருந்தால் போதும், அவனைத் தளைகளை அறுத்த நவீனன் என்று தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். இரு தரப்பாரும் செய்வது ஒன்றுதான். சொல்லைப் பார்க்கிறார்கள், சொல் யாரை நோக்கி, எந்த நிலையில், என்ன விதிக்குக் கட்டுப்பட்டு எறியப்பட்டது என்று பார்ப்பதில்லை. எட்டாம் நூற்றாண்டு அரபுக் கவிதையை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

உமையாக்கள் ஆண்ட காலத்தில் ஜரீர், ஃபரஸ்தக் என்று இரண்டு கவிஞர்கள். இருவருமே தமீம் என்ற பெரிய குலத்தின் வெவ்வேறு கிளைகளில் பிறந்தவர்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஒருவரையொருவர் வசைபாடினார்கள். பஸ்ரா நகரின் மிர்பத் சந்தையில் கூட்டம் கூடி இவற்றைக் கேட்டது. 'நகாயித்' என்று பெயர் பெற்ற இந்தப் பாட்டுகளை அபூ உபைதா என்ற மொழியறிஞர் உரையோடு தொகுத்த மரபு நமக்குக் கிடைத்திருக்கிறது. பெவன் என்ற கேம்ப்ரிட்ஜ் அறிஞர் 1905லிருந்து 1912 வரை லெய்டனில் இதைப் பதிப்பித்தார்.

நகாயித்தின் விதி எளிமையானது, கடுமையானது. ஒருவன் எந்தச் சந்தத்தில், எந்த இயைபில் பாடினானோ அதே சந்தத்தில், அதே இயைபில் மற்றவன் பதில் சொல்ல வேண்டும். அரபுச் செய்யுளில் பாட்டு முழுவதற்கும் ஒரே இயைபுதான். அறுபது அடிப் பாட்டுக்குப் பதில் என்றால், எதிரி தன் வசதிக்காகத் தேர்ந்த ஒலியில் முடியும் சொற்களை அறுபது இடங்களில் கண்டுபிடித்தாக வேண்டும். அது மட்டும் போதாது. எதிரி சொன்ன குற்றச்சாட்டை எடுத்து, அவன் மேலேயே திருப்பிப் போட வேண்டும். ஜரீர், ஃபரஸ்தக்கின் முன்னோரைக் கொல்லர்கள் என்பான். துருத்தியும் கரியும் படிமங்களாக வரும். ஃபரஸ்தக், ஜரீரின் கிளையாரைக் கழுதையும் ஆடும் மேய்க்கும் ஈனர்கள் என்பான். உடல் உறுப்புகள், கழிவு, படுக்கை எல்லாம் இந்தச் சரக்கோடு சேர்ந்தே வரும். நாற்பது ஆண்டுகளில் இச்சரக்கு அதிகம் மாறவில்லை. கேட்க வந்தவனுக்கு அடுத்து வரப்போவது கொல்லன் உலை என்று முன்பே தெரியும். அவன் காத்திருந்தது, இந்தத் தடவை அது எந்தப் பக்கமாகத் திரும்பப்போகிறது என்பதற்காக.

இதைத் தகவலாகப் படிப்பதுதான் நவீன வாசகனின் முதல் பிழை. கவிதை என்பது தன்னுணர்வின் வெளிப்பாடு என்று ரொமாண்டிக்குகளிடம் படித்து வந்தவர்கள் நாம். ஆகவே இவ்வளவு வசையைக் கண்டதும் இவ்வளவு வெறுப்பு இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறோம். ஜரீரைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. கவிஞர்களில் சிறந்தவன் யார் என்று ஒருவன் கேட்டானாம். ஜரீர் அவனை அழைத்துப்போய்த் தன் தகப்பனைக் காட்டினான். கிழவன் ஆட்டு மடியில் வாய்வைத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தான். கறந்தால் ஓசை கேட்டு அக்கம்பக்கத்தார் பால் கேட்டு வந்துவிடுவார்களாம். இப்படி ஒரு தகப்பனை வைத்துக்கொண்டு எண்பது கவிஞர்களோடு குலப்பெருமை பேசி வென்றவனே சிறந்தவன் என்றான் ஜரீர். கதை நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லி வைத்தவர்களுக்குப் போட்டியின் தன்மை தெரிந்திருந்தது. எதிரி சொல்லும் இழிவு உண்மைதானா என்பது அங்கே வழக்கல்ல. அந்தச் சரக்கை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தான் என்பதுதான் வழக்கு.

அப்படியானால் எல்லாம் விளையாட்டு, மரபு, யாருக்கும் காயமில்லை என்று முடித்துவிடலாமா? படித்தவர்கள் செய்யும் பிழை இது. முன்னதைவிட நாசூக்கானது, அதனாலேயே அதிகம் ஏமாற்றுவது. வசை காயப்படுத்தும் என்பதில் அந்தச் சமூகத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் காயம் கொச்சைச் சொல்லில் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கவில்லை.

இரண்டு தலைமுறைக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். ஹுதையா என்ற கவிஞன் ஸிப்ரிகான் என்ற குலத்தலைவரைப் பாடினான். அதில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. பெருஞ்செயல்களைத் தேடி நீ அலைய வேண்டாம், உட்கார்ந்துகொள், உனக்குத்தான் உணவும் உடையும் கிடைக்கிறதே என்ற அளவில்தான் பொருள். ஸிப்ரிகான் கலீபா உமரிடம் (ஆட்சி 634–644) முறையிட்டார். இதில் வசை எங்கே, வெறும் கண்டிப்புத்தானே என்றார் உமர். பிறகு கவிதை தெரிந்தவரான ஹஸ்ஸானைக் கேட்டார். ஹஸ்ஸான், இது வசை மட்டுமல்ல, அவர் மேல் மலம் கழித்ததற்குச் சமம் என்றார். ஹுதையா சிறைக்குப் போனான். பிறரை உண்பித்து உடுப்பிப்பதே தலைவனின் தகுதியாக இருந்த இடத்தில், ஒருவனை உண்பிக்கப்படுபவன் என்று சொல்வது அவன் வாழ்வையே இல்லை என்பதாகும். தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என்று இரண்டாக்கியது நினைவுக்கு வருகிறது. கவிதையில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. அதை விளக்க வந்த சாட்சியின் வாயில்தான் அது வந்தது. இன்றைய வாசகன் ஹுதையாவைக் கண்ணியமானவன் என்பான், ஜரீரை ஆபாசக்காரன் என்பான்.

கொடுமையைச் சொல்லில் தேடக்கூடாது என்றால் எங்கே தேடுவது? பதில் சொல்ல வழியிருந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். கலீபா சுலைமான் (ஆட்சி 715–717) ஒரு கைதியை வெட்டும்படி ஃபரஸ்தக்கிடம் வாளைத் தர, வெட்டு விழாமல் போனதாகக் கதை. ஜரீர் அதைச் சும்மா விடவில்லை. அந்தக் கேலி நியாயமானதா என்று நாம் கவலைப்பட வேண்டாம். ஃபரஸ்தக்குக்கு வாள்தான் தவறியது, வாய் தவறவில்லை, தன் பதிலைப் பாடிவிட்டான். ஆனால் அவன் சகோதரி ஜிஃதின் இருக்கிறாள். எதிர்க்குலத்து ஆட்கள் அவளைக் கெடுத்ததாக ஜரீர் திரும்பத்திரும்ப, கூசும் படிமங்களில் பாடினான். அவள் ஒழுக்கமுள்ள பெண், சொன்னது பொய் என்று பழைய மரபே குறித்து வைத்திருக்கிறது. ஜரீர் இதற்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்பதுண்டு என்றும் அது சொல்கிறது. ஃபரஸ்தக்கைக் கொல்லன் என்றதற்காக அவன் மன்னிப்புக் கேட்டதாக நான் படித்ததில்லை.

இந்த வேறுபாட்டில்தான் என் விடை இருக்கிறது. போட்டியின் விதிகள் இரண்டு கவிஞர்களைக் காத்தன. ஒரே சந்தம், ஒரே இயைபு, அடுத்த முறை உனது என்ற உறுதி. ஜிஃதினுக்குச் சந்தமும் இல்லை, முறையும் இல்லை. அவள் ஆட்டக்காரி அல்ல, ஆட்டக்காய். மரபு என்ற சமாதானம் ஃபரஸ்தக் வரைக்கும் செல்லும், அவள் வாசலில் நின்றுவிடும். ஆபாசம் என்று முகம் சுளிப்பவரும், துணிச்சல் என்று கைதட்டுபவரும் அவளைப் பார்க்கவில்லை. ஒருவர் அந்த அடிகளைப் பதிப்பிலிருந்து நீக்கச் சொல்வார். நீக்கினால் குற்றத்தின் சாட்சியமும் போய்விடும். மற்றவர் அதையே மேற்கோளாக்குவார்.

ஃபரஸ்தக் இறந்தபோது ஜரீர் அவனுக்கு இரங்கற்பா பாடினான். வெகுநாள் கழியாமல் தானும் இறந்தான். நாற்பது ஆண்டு வசைக்கு இப்படி ஒரு முடிவு சாத்தியமானது இருவரும் ஒரே களத்தில் நின்றதால். ஜிஃதினைப்பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் ஜரீரின் வசையும், அது பொய் என்ற உரைக்குறிப்பும்தான். பழைய வசைப்பாட்டைப் படிக்கும்போது கவிதையோடு உரையையும் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.