விலை பெற்றவர் யார்? - கிறித்து சமயத்து மீட்புக் கொள்கை மூன்று

கிறித்து சமய நூல் பயிலும் மாணவர்க்குத் தேர்விற் கொடுக்கப்படும் வினாக்களுள் ஒன்று, இயேசு கிறித்துவின் சிலுவை மரணம் மக்களது பாவத்தை எங்ஙனம் நீக்கிற்று என்பதாம். மீட்கும் பொருட் கொள்கை, ஈட்டுக் கொள்கை, அன்புத் தூண்டற் கொள்கை என்னும் மூன்றனையும் ஒப்புநோக்கி விடை எழுதுக என அவ்வினா அமையும். கொள்கையின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் நிரலே அடுக்கிவிடுதல் எளிது. அவ்வளவில் ஒப்புநோக்கு முற்றுப்பெறாது. மூன்றனையும் ஒருங்கு வைத்து அளத்தற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சிலுவையில் ஒரு விலை கொடுக்கப்பட்டதாயின் அதனைப் பெற்றவர் யார் என்னும் வினாவே அவ்வளவுகோலாம். விலை பெற்றுக்கொண்டு குற்றவாளியை விடுதல் அருளாகுமோ, விலை பெறாமலே விடுதல் நீதியாகுமோ என்னும் அறநெறி ஐயம் அவ்வினாவினுள் அடங்கிக் கிடக்கின்றது.

இம்மூன்றனுள் இதுவே முடிபு என்று கிறித்து சமயத்தாரின் பழைய பொதுச்சங்கம் யாதும் வரையறுத்திலது. நிசேயா முதலிய சங்கங்கள் கிறித்துவின் இயல்பைப் பற்றி நுணுகி ஆராய்ந்தன. அவர் மக்களின் பொருட்டு மரித்தார் என்பதனை அறிக்கையிட்டன. அம்மரணம் பயன்பட்டவாறு இது என விரித்தில. ஆதலின் இக்கொள்கைகள் ஒரே சமயத்துள் நின்றே ஒன்றனை ஒன்று மறுத்து வளர்வன ஆயின.

முதலாவது, மீட்கும் பொருட் கொள்கை. கிறித்து தம் உயிரைப் பலரை மீட்கும் பொருளாகத் தந்தார் என்னும் கருத்து மாற்கு எழுதிய சுவிசேடத்தில் உள்ளது. அடிமையையும் போரிற் சிறைப்பட்டாரையும் பொன் கொடுத்து மீட்டல் அக்காலத்து வழக்காதலின், கேட்டார்க்கு அச்சொல் எளிதின் விளங்கிற்று. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஓரிகன் என்பார், அம்மீட்புப் பொருள் யார்க்குக் கொடுக்கப்பட்டது என வினவி, கடவுட்கு அன்று, மக்களைப் பிடித்து வைத்திருந்த சாத்தானுக்கே என்றார். நான்காம் நூற்றாண்டில் நிசா நகரத்துக் கிரகோரியார் அதனை விரித்துரைத்தார். மனிதன் தன் விருப்பத்தால் இன்பத்திற்கு மயங்கித் தன்னைத் தானே விற்றுக்கொண்டான். விலைக்குக் கொண்டவனிடமிருந்து வலிதிற் பறித்தல் நீதியன்று. ஆதலின் கடவுள் சாத்தான் விரும்பிய விலையைத் தர இசைந்தார். அற்புதங்கள் பல செய்த கிறித்துவைக் கண்ட சாத்தான், தான் வைத்திருப்பதனினும் இது பெரிதென்று அவரை விழைந்தான். தெய்வத் தன்மையோ ஊனுடம்பினுள் மறைந்து நின்றது. இரையோடு தூண்டின் முள்ளையும் விழுங்கிய மீன்போல அவன் அகப்பட்டான் என்பது அவர் காட்டும் உவமை.

ஈண்டுத் தடை எழும்: கடவுள் வஞ்சித்தார் என்றாகாதோ? இத்தடையைக் கிரகோரியார் தாமே எழுப்பி விடையும் தருகின்றார். வஞ்சித்தவன் வஞ்சிக்கப்பட்டது தக்கதே என்றும், மருத்துவன் நோயாளிக்கு மருந்தை உணவில் மறைத்துக் கொடுப்பது போல இதன் நோக்கம் நலமே என்றும், முடிவிற் பகைவனாகிய சாத்தானும் அதனால் நலம் பெறுவான் என்றும் அவர் கூறுவர். ஆயின் அவர்தம் நண்பராகிய நசியான்சு நகரத்துக் கிரகோரியார் இவ்விடையால் அமையவில்லை. கள்வனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுத்தல் நாணத்தக்கது என்றார். பிதாவாகிய கடவுட்கே கொடுக்கப்பட்டது எனின், மக்களைச் சிறைப்படுத்தியவர் அவர் அல்லரே என்றும், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியாக்கப் புகுந்தபோதே அதனை ஏலாதவர் தம் மகனின் குருதியை எங்ஙனம் விரும்புவர் என்றும் வினவினார். பிதா அதனை ஏற்றது வேண்டிக் கேட்டதனாலன்று, மக்களைத் திருத்தும் ஒழுங்கின்பொருட்டு என்று கூறி, மேலும் துருவாது நிறுத்திக்கொண்டார். இவ்விரு கிரகோரியாரையும் ஒருவராக மயங்குதல் தேர்வெழுதுவார்பால் நிகழும் பிழை. ஒருவர் கொள்கையை நிறுவுவார், மற்றவர் அதனைக் கடிவார்.

இரண்டாவது, ஈட்டுக் கொள்கை. இதனை முறைப்பட நிறுவியவர் காந்தர்பரித் தலைமைக் குருவாகிய ஆன்செல்ம் என்பார் (1033-1109). கடவுள் மனிதன் ஆனது எற்றுக்கு என்னும் பொருள்மேல் அவர் இயற்றிய நூல் 1098-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அந்நூல் அவர்க்கும் அவர்தம் மாணவராகிய போசோ என்பார்க்கும் நிகழும் வினாவிடையாக அமைந்தது. சாத்தானுக்கு மக்கள்மேல் உரிமை உண்டு என்பதனை ஆன்செல்ம் முதற்கண்ணே நீக்குகின்றார். மனிதனும் சாத்தானும் கடவுளின் உடைமையே. ஓர் அடிமை மற்றோர் அடிமையை ஏமாற்றி அழைத்துச் சென்றதனால் அவ்வேமாற்றியவனுக்கு உரிமை பிறவாது. ஆகலின் சாத்தானுக்கு விலை கொடுத்தல் என்பது வேண்டாததாயிற்று.

அவர் தருக்கம் படிப்படியாகச் செல்வது. பகுத்தறிவுடைய உயிர் தன் விருப்பத்தைக் கடவுளின் விருப்பத்திற்கு அடக்கி வைத்தல் அவர்க்கு அது செலுத்தவேண்டிய கடன்; அக்கடனைச் செலுத்தாமையே பாவம். இந்நாட்டுச் சமய நூல்களிற் பயின்றார், இது தானே பயன் விளைக்கும் வினை என்னும் கருத்தின் வேறாதல் காண்க. ஒருவர் மாட்டு ஒருவர் பட்ட கடன் என்பதே ஈண்டைப் பொருள். பிறனைப் புண்படுத்தியவன் புண்ணை ஆற்றுதலோடு அமையாது, அவனுற்ற துன்பத்திற்கும் ஈடு தரவேண்டும். அங்ஙனமே கடவுளின் மாட்சியைக் குறைத்தவன் குறைத்ததனினும் மிகுதியாகத் திருப்பித் தரவேண்டும். ஈடு கொடாவிடின் தண்டனை அடைதல் வேண்டும். இரண்டன்றி மூன்றாவது இல்லை.

அருளினாலேயே மன்னித்துவிட்டால் என்னை எனின், அப்போது பாவஞ் செய்தானும் செய்யாதானும் ஒருதன்மையர் ஆவர், கடவுளின் ஆட்சியில் ஒழுங்கு நில்லாது என்பது அவர் விடை. இரங்கி அழுதலும், நோன்பிருத்தலும், கீழ்ப்படிதலும் ஈடாகாவோ எனின், அவையெல்லாம் பாவஞ் செய்யாதபோதும் செலுத்தவேண்டியனவே, மிகுதியாவது யாதும் இல்லை என்பர். மேலும், பாவத்தின் நிறை எத்துணை என்று காட்ட ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். கடவுள் பாராதே என்ற பக்கம் ஒருமுறை பார்த்தால் உலகம் முழுவதும் அழியாது காக்கப்படும் என்று வைத்துக்கொண்டாலும், அப்பார்வை தகாது என்று போசோவே ஒப்புகின்றார். ஆகவே ஒரு சிறு பாவத்திற்கும் ஈடாவது கடவுள் ஒழிந்த எல்லாவற்றினும் பெரிதாதல் வேண்டும். அத்தகையது கொடுக்க வல்லவர் கடவுளே. கொடுக்கக் கடமைப்பட்டவன் மனிதனே. ஆதலின் கடவுளும் மனிதனுமாகிய ஒருவரே கொடுத்தல் வேண்டும். அவர் பாவமிலர் ஆதலின் இறக்கக் கடவர் அல்லர். கடமையன்றித் தாமே விரும்பிக் கொடுத்த உயிர் ஈடாயிற்று. அதற்குரிய பரிசு அவர்க்கு வேண்டாதது ஆகலின் மக்களைச் சார்ந்தது.

இங்கே மாணவர் பெரும்பாலும் வழுவுமிடம் ஒன்று உண்டு. கிறித்து மக்களுக்கு மாறாகத் தண்டனையை ஏற்றார் என்று ஆன்செல்ம் கூறியதாக எழுதுவர். ஈடு அல்லது தண்டனை என்பது அவர் வாய்பாடு. ஈடு கொடுக்கப்பட்டமையால் தண்டனை நீங்கிற்று என்பது அவர் கருத்து. தண்டனையையே கிறித்து ஏற்றார் என விரித்தோர் பதினாறாம் நூற்றாண்டிற் கால்வின் முதலிய சீர்திருத்தச் சபையார். விடையில் மாட்சி, கடன் என்னும் சொற்கள் நின்றால் ஆன்செல்ம் கருத்தெனவும், நீதித்தலம், தீர்ப்பு, தண்டம் என்பன நின்றால் பிற்காலத்தார் கருத்தெனவும் பிரித்தறியலாம்.

ஈட்டுக் கொள்கைக்குத் தடையாவது, கடன் முழுதும் தீர்ந்தபின் மன்னிப்புக்கு இடம் ஏது என்பதாம். நண்பன் பணம் கட்டப் பெற்றுக்கொண்டு கடன்சீட்டைக் கிழித்தவனை உலகம் வள்ளல் என்னாது. இதற்கு ஆன்செல்ம், அப்பணத்தைத் தந்தவரும் கடன் கொடுத்த கடவுளே, தம் மகனையே தந்தார், இதனினும் பெரிய அருள் எண்ணவும் படாது என்கின்றார். எனினும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றியது கொடையாயினும் கடன் தீர்வாகுமோ என்னும் ஐயம் நிற்கவே செய்கின்றது. அக்குவினா ஊர்த் தாமசு (1225-1274) இவ்விடத்து ஒரு வேற்றுமை காட்டினார். பிறர்க்கு இழைத்த குற்றத்தை விசாரிக்கும் நீதிபதி தண்டியாது விடல் நீதியன்று. தனக்கே இழைத்த குற்றத்தை ஒருவன் ஈடு பெறாது பொறுத்தல் அருளேயாம், அநீதி அன்று. கடவுட்கு மேலோர் இன்மையின் அவர் ஈடின்றியும் மன்னித்தல் கூடும். சிலுவை இன்றியமையாதது என்பதனினும் மிகவும் தகுதியானது என்றலே பொருந்தும் என்றார். ஆன்செல்ம் நாட்டிய கட்டாயம் இதனால் தளர்ந்தது.

மூன்றாவது, அன்புத் தூண்டற் கொள்கை. பாரிசு நகரத்து ஆசிரியர் ஆபெலார்டு (1079-1142) உரோமையர்க்கு எழுதிய நிருபத்தின் உரையில் இதனை மொழிந்தார். சாத்தானுக்கு உரிமையில்லை என்பதில் ஆன்செல்மோடு அவர் ஒத்தவர். ஆயின் குற்றமில்லாதவனின் குருதியை விலையாகக் கேட்டல் கொடுமையன்றோ என்றும், விலக்கிய கனியைத் தின்ற பாவத்தினும் கிறித்துவைக் கொன்ற பாவம் பெரிதாயிருக்க, அக்கொலையாற் கடவுள் எங்ஙனம் இணங்கினார் என்றும் வினவினார். அவர் தரும் விடை, கடவுளின் பேரன்பு சிலுவையில் வெளிப்பட்டு மக்கள் உள்ளத்தில் அன்பை மூட்டுகின்றது, அவ்வன்பே பாவத்தினின்று விடுவிக்கின்றது என்பதாம். இதன்படி விலை பெற்றவர் ஒருவரும் இலர்; மாற்றம் நிகழ்ந்த இடம் மனித உள்ளம். கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு இதனைக் கடிந்து போப் இரண்டாம் இன்னொசென்றுக்கு எழுதினார். மீட்பு வெறும் போதனையும் முன்மாதிரியும் ஆய்விட்டது என்பது அவர் குறை. ஆபெலார்டு பிற இடங்களிற் கிறித்து மக்களின் பாவத்தண்டத்தைச் சுமந்தார் என்றும் எழுதியுள்ளார் ஆதலின், அவர் கொள்கை முற்றும் இதுவே என எழுதுதலும் வழுவாம்.

இக்கொள்கைக்கு உரிய வலிய தடை, பயனற்ற மரணம் அன்பைக் காட்டுமோ என்பது. பாம்பு கடித்த தம்பியின் புண்ணை வாயால் உறிஞ்சி நஞ்சேறி இறந்த தமையனின் அன்பை யாவரும் போற்றுவர். நலமாயிருக்கும் தம்பிமுன் நஞ்சுண்டு, இஃது அன்பு காட்டற்கு என்பானைப் பித்தன் என்பர். ஆகவே சிலுவை அன்பைக் காட்டவேண்டுமாயின், அம்மரணம் மக்களை ஒரு கேட்டினின்றும் உண்மையாகவே காத்திருத்தல் வேண்டும். அக்கேடு யாது, காத்தவாறு யாங்ஙனம் என்னும் வினாவிற்கு ஏனை இரு கொள்கைகளுள் ஒன்றனையேனும் நாடவேண்டி வருகின்றது.

1930-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் குஸ்தாவ் ஔலேன் என்பார், பழைய மீட்கும் பொருட் கொள்கையின் உட்கிடை வாணிகம் அன்று, கடவுள் தாமே இறங்கித் தீமையையும் மரணத்தையும் வென்ற வெற்றியே என்று எடுத்துரைத்தார். தூண்டில் உவமையை நீக்கி நோக்கின், மக்கள் தம் வலியாற் கடக்கலாகாத ஒரு கட்டு உண்டு என்னும் உண்மை அக்கொள்கையில் எஞ்சும். தவறு செய்தான் தவற்றைச் சிறிதென எண்ணலாகாது என்பது ஈட்டுக் கொள்கையில் எஞ்சும். உள்ளம் மாறாத மன்னிப்பு மன்னிக்கப்பட்டானுக்குப் பயன்படாது என்பது மூன்றாவதில் எஞ்சும். விலை பெற்றவர் யார் என்னும் வினாவிற்குச் சாத்தான், கடவுள், ஒருவரும் இலர் என மூன்று விடைகளையும் நிறுத்தி, ஒவ்வொன்றும் எத்தடையால் மற்றொன்றுக்கு வழிவிட்டது என்று காட்டி முடிக்கும் விடையே தேர்வில் நிறைவுடைய விடையாம். அவற்றுள் எதனைக் கொள்வாரும், தாமசு காட்டிய வேற்றுமைக்கு, அஃதாவது தன்பாற் செய்த பிழையைப் பொறுத்தற்கு விலை வேண்டப்படுமோ என்பதற்கு, விடை சொல்லியே மேற்செல்லக் கடவர்.