தூக்க மாத்திரையும் ஒரு தாயத்துதான்

இடுப்பில் தாயத்துக் கட்டியவரைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது. "அவிழ்த்துப் பாரேன், என்ன ஆகிவிடும்?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கிறவர்களிலேயே பலர், இரவு பத்து மணியானால் அல்பிரசோலம் அட்டையைத் தேடுகிறார்கள். "இது இல்லாமல் கண் மூடாது" என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் உடனே பதில் வரும்: "போன மாசம் ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோச்சு. விடிய விடிய முழிச்சுக் கிடந்தேன். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

இன்னும் நல்ல ஆதாரம் வேண்டும். ஏனென்றால் அந்த இரவைக் கெடுத்ததில் மாத்திரைக்கே பங்கு உண்டு.

குறைந்த நேரமே உடலில் தங்கும் தூக்க மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால், மருந்து தொடங்குவதற்கு முன்பிருந்ததைவிட மோசமான தூக்கமின்மை சில இரவுகளுக்கு வருகிறது என்று 1978-இல் அமெரிக்க ஆய்வாளர் அந்தோனி கேல்ஸும் அவருடைய குழுவினரும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மூளை மருந்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது. மருந்து திடீரென விலகும்போது தடுமாறுகிறது. பழைய நோய் திரும்பியதாகத் தோன்றுவது பல சமயம் மருந்தின் எதிர்வினைதான். அந்த ஓர் இரவை வைத்து "எனக்கு மாத்திரை தேவை" என்று தீர்ப்பு எழுதுவது, தாயத்தை அவிழ்த்த அன்று காய்ச்சல் வந்ததை வைத்துத் தாயத்தின் சக்தியை நிரூபிப்பதற்குச் சமம். தாயத்து பாவம், காய்ச்சலை உண்டாக்குவதில்லை. மாத்திரையோ தன் தேவையைத் தானே உண்டாக்குகிறது.

மாத்திரை வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு செய்கிறது என்று கேட்கச் சொல்கிறேன். முதியவர்களிடம் நடந்த 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கணக்கை வெளியிட்டது. வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், மருந்து கூட்டிக்கொடுத்த தூக்கம் ஓர் இரவுக்குச் சுமார் 25 நிமிடம். ஒருவருடைய தூக்கம் மேம்பட 13 பேருக்கு மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. ஆறு பேருக்குக் கொடுத்தாலே ஒருவருக்குத் தலைசுற்றல், மந்தம் போன்ற கெடுதல் நேர்ந்தது. அறுபதைக் கடந்தவர் நடு இரவில் கழிவறைக்கு எழுந்து நடக்கும்போது அந்தத் தலைசுற்றலின் விலை இடுப்பெலும்பாக இருக்கலாம்.

சரி, தினமும் போடாமல் இடையிடையே விட்டால்? சோல்பிடம் என்ற மருந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழு தினமும் மருந்து சாப்பிட்டது. இன்னொரு குழுவுக்கு வாரத்தில் ஐந்து இரவு மருந்து, இரண்டு இரவு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. இரண்டு வார முடிவில் இரு குழுவினரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றுதான். வாரம் மூன்று முதல் ஐந்து இரவு மட்டும் மருந்து எடுத்தவர்களைப் பன்னிரண்டு வாரம் கவனித்த 2004-ஆம் ஆண்டு ஆய்விலும், மாத்திரை இல்லாத இரவுகள் எதிர்வினையாகச் சீர்குலையவில்லை.

ஆனால் எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பகுத்தறிவாகாது. 2015-இல் மைக்கேல் பெர்லிஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இடையிடையே மாத்திரை விட்டவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே தூங்கினார்கள். அதே ஆய்வில் இன்னொரு குழுவுக்குத் தினமும் ஒரு மாத்திரை உண்டு. அவற்றில் பாதி வெற்று மாத்திரை. அவர்கள் நன்றாகவே தாக்குப்பிடித்தார்கள். விழுங்கும் சடங்கே பாதி வேலையைச் செய்கிறது என்றால், நாம் நம்புவது மருந்தையா, சடங்கையா?

இந்தச் சடங்கு எங்கே வேர்விடுகிறது என்பதுதான் முக்கியம். "தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்" என்ற அறிவுரை நியாயமாகத் தோன்றும். நடப்பது வேறு. பதினொன்றரைக்குப் புரள்கிறார், பன்னிரண்டுக்குப் பயம் வருகிறது, மாத்திரை விழுங்கியதும் பயம் போகிறது. பயந்தால் மாத்திரை, மாத்திரையால் நிம்மதி என்ற பாடத்தை மூளை ஒவ்வொரு முறையும் அழுத்தமாகக் கற்கிறது. இதை உடைக்கத்தான் மாத்திரை இல்லாத இரவை முன்கூட்டியே குறித்துவைக்கிறார்கள். முடிவு எடுப்பது அந்த நேரத்துப் பயமல்ல, நாட்காட்டி.

இதைக் கனடா ஆய்வாளர் சார்ல்ஸ் மொரான் முறைப்படுத்தினார். எடுத்துக்காட்டாக, பல ஆண்டுகளாக இரவுதோறும் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் சாப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், எப்போது படுத்தார், எவ்வளவு தூங்கினார் என்று நோட்டில் எழுதுகிறார். பிறகு மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு குறைகிறது: 0.375, பிறகு 0.25, பிறகு 0.125. இந்தச் சிறு அளவு பழகிய பிறகே மாத்திரை இல்லாத இரவு. முதலில் வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு, மறுநாள் அவசர வேலை இல்லாத கிழமைகளில். குறித்த இரவில் தூக்கம் வராவிட்டாலும் போடக்கூடாது. போட வேண்டிய இரவில் தூக்கம் வரும்போலிருந்தாலும் போட வேண்டும். பிறகு இரவுகள் கூடுகின்றன. முதல் சில இரவுகள் கெட்டு, நோட்டில் வாரத்துக்கு வாரம் சீரானால் அது எதிர்வினை. வாரக்கணக்கில் அப்படியே நின்றால் அதுதான் பழைய நோய். அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

மொரான் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரியாகப் பத்தொன்பது ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட 76 முதியவர்கள் இருந்தார்கள். இப்படிப் படிப்படியாகக் குறைத்தவர்களில் 48 சதவீதம் பேர் மாத்திரையை விட்டார்கள். அதோடு தூக்கத்துக்கான நடத்தைப் பயிற்சியும் பெற்றவர்களில் 85 சதவீதம். அந்தப் பயிற்சியில் மந்திரமில்லை: தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் படுக்கையைவிட்டு எழுந்து போவது.

ஓர் எச்சரிக்கை. பல மாதங்கள் தினமும் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். வலிப்பு நோய்க்காக இந்த வகை மருந்தை எடுப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. வீரத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல.

குற்றவாளி நோயாளியா? இல்லை. இரண்டு வாரத்துக்கு எழுதிய சீட்டில் "எப்போது நிறுத்துவது" என்ற வரியை எழுதாதவர் படித்த மருத்துவர். அல்பிரசோலம் எச்1 பட்டியலில் உள்ள மருந்து. விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய சீட்டைப் பார்த்தும் பாராமலும் அட்டையைக் கிழித்துக் கொடுப்பவர் அந்தச் சட்டம் தெரிந்தவர். தாயத்து விற்பவர்களாவது படித்துப் பட்டம் வாங்கியதில்லை.

ஆகவே இன்றிரவே நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த முறை மருத்துவர் அதே மாத்திரையை மறுபடி எழுதும்போது கையைப் பிடித்து நிறுத்திக் கேளுங்கள்: "இதை எப்போது, எந்த அளவில் குறைத்து நிறுத்தப் போகிறோம்?" பதில் சொல்லாமல் சீட்டை நீட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.