பரிந்துரையை முதல் வரியில் வை!

மத்திகிரியிலிருந்து காலை ஷிப்டுக்குக் கிளம்பி ஓசூர் சிப்காட்டுக்குள் நுழைகிற தம்பியே, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். மெஷினின் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்துவிட்டது என்று கண்டுபிடிக்கிற ஆள் நீ. அந்த நீ, நிர்வாகத்துக்கு ரிப்போர்ட் எழுத உட்கார்ந்ததும் ஏன் பதுங்குகிறாய்? ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய எக்ஸிகியூட்டிவ் சம்மரி உன் கையில் ஆறு பக்கம் ஆகிறது. கம்பெனியின் வரலாறு, ஆய்வின் நோக்கம், அளந்த முறை எல்லாம் வரிசையாக வந்த பிறகு, ஐந்தாம் பக்கத்தின் அடியில் நீ சொல்ல வந்தது தலைகாட்டுகிறது. அதுவும் "பரிசீலிக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்ற முக்காட்டோடு! உனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. முதல் வரியில் சொன்னால் ஜி.எம். மறுத்துவிடுவாரோ என்ற பயம்தான் அத்தனை பக்கங்களையும் எழுதியிருக்கிறது.

அந்தப் பயத்தை உடைக்க ஒரு கணக்கைக் கடைசிவரை போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்த நிலைமை எந்த உதிரிபாகத் தொழிற்சாலையிலும் வரக்கூடியது.

ஆலையில் 55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று ஓடுகிறது. அது நிமிடத்துக்கு 330 கன அடி காற்று தரும். காலை ஷிப்டில் லைன் பிரஷர் 7 பாரிலிருந்து ஐந்தரைக்கு இறங்கிவிடுகிறது. 14 லட்சம் ரூபாயில் இன்னொரு கம்ப்ரசர் வாங்கலாம் என்று மேலே பேச்சு நடக்கிறது. உன்னை ஆய்வு செய்யச் சொல்கிறார்கள். நீ ஞாயிற்றுக்கிழமை, உற்பத்தி இல்லாத நேரத்தில், காற்றை எடுக்கும் மெஷின்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டுகிறாய். யாருமே காற்றைப் பயன்படுத்தாதபோதும் அது லோடு ஆகிறது, அன்லோடு ஆகிறது. 20 நிமிடத்தில் 6 நிமிடம் லோடில் ஓடியிருக்கிறது. ஆறை இருபதால் வகுத்தால் 30 சதவீதம். காற்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கப்ளரிலும் ஹோஸிலும் வால்விலும் ஒழுகிப் போகிறது!

ஒழுகலை 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் 66 கன அடி காற்று திரும்பக் கிடைக்கும். மின்சாரத்தில் 11 கிலோவாட் வரை மிச்சமாகும். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 66,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 5 லட்சத்து 28 ஆயிரம். பழுது பார்க்க ஆகும் செலவு 1 லட்சத்து 20 ஆயிரம். எவ்வளவு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்திருக்கிறாய்! இதையா ஐந்தாம் பக்கத்தில் வைப்பாய்?

இப்போது வெட்டு. ஆனால் பழைய ஆறு பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு பத்திக்கு இரண்டு வரியாகக் குறைக்காதே. பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எல்லாப் பத்தியும் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்தால் வேண்டாததும் மிஞ்சும், வேண்டியதும் நோஞ்சானாகும். அந்தக் கோப்பை மூடு. வெள்ளைத் தாளை எடு. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுது: "புதிய கம்ப்ரசர் வாங்குவதை நிறுத்திவைத்து, காற்று ஒழுகலை ஆயுத பூஜை விடுமுறையில் சரிசெய்ய 1.2 லட்சம் ரூபாய்க்கு ஒப்புதல் தாருங்கள்." எதை, எவ்வளவில், எப்போதுக்குள் என்ற மூன்றும் அதற்குள் வந்துவிட்டன. இந்த வாக்கியம் வரவில்லை என்றால் உன் ஆய்வு இன்னும் முடியவில்லை என்று பொருள். ஆலைக்குள் திரும்பிப் போய் அளந்துவிட்டு வா.

அந்த வாக்கியம் தாளின் உச்சியில் நிற்கட்டும். பிறகு பழைய கோப்பைத் திற. ஒவ்வொரு பத்தியிடமும் ஒரு கேள்வி கேள்: நீ இல்லாவிட்டால் ஜி.எம். எடுக்கும் முடிவு மாறுமா? கம்பெனி வரலாறு போனால் மாறாது, அடித்துவிடு. ஸ்க்ரூ கம்ப்ரசர் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் போனாலும் மாறாது, அதையும் அடி. ஒழுகும் இடங்களின் நீண்ட அட்டவணை உன் வியர்வை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அது பின்னால் இணைப்புக்குப் போகட்டும். அங்கே அது பத்திரமாக இருக்கும், கேட்கும்போது எடுத்துக் காட்டலாம். முன்பக்கத்தில் இருக்க வேண்டியவை அந்த 30 சதவீதமும், அதை எப்படி அளந்தாய் என்று ஒற்றை வரியும், செலவும் மிச்சமும்தான்.

இன்னொன்றும் இருக்க வேண்டும். வெட்டுகிற வேகத்தில் முதலில் தொலைவது அதுதான்: உன் பரிந்துரை எதுவரை செல்லும் என்ற எல்லை. இந்த ஆண்டு காலை ஷிப்டில் பிரஷர் இறங்காமல் இருக்கக் கூடுதலாக 50 கன அடி போதும், எனவே மீளும் 66 தாங்கும். அடுத்த ஆண்டு இரண்டாவது லைன் போட்டால் தாங்காது, அப்போது புதிய கம்ப்ரசர் தேவைப்படும். இதைச் சொன்னால் உன் வாதம் பலவீனமாகிவிடும் என்று நினைக்காதே. சொல்லாமல் விட்டால், இரண்டாவது லைன் வருகிற நாளில் உன் பெயரோடு அந்தத் தாளை எடுத்து மேசையில் போடுவார்கள். ஒரு பக்கத்தில் இதற்கு இரண்டு வரி கட்டாயம் உண்டு.

முக்கியமானதை அடியில் வைத்தால் என்ன ஆகும் என்பதை உலகம் கண்ணீரோடு பார்த்திருக்கிறது. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு நிம்மதி தருவதுபோல் இருந்தது. கணிப்புக்கு ஆதாரமான பழைய சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதோ ஏறத்தாழ 1,920 கன அங்குலம் என்ற பயங்கர உண்மை கடைசி வரியில் கிடந்தது. 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை இழந்தோம். அந்த விபத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் விசாரணை வாரியம் அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே எடுத்துக் காட்டி, மூத்த அதிகாரி ஒருவர் இதைப் படித்துவிட்டு உயிராபத்தை உணராமல் போவது எளிது என்று பதிவுசெய்தது. அந்தப் பொறியாளர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. அது இருந்த இடம்தான் தவறு.

ஆகவே எழுத்தின் அளவைச் சுருக்கியோ ஓரத்தைக் குறைத்தோ ஒரு பக்கமாக்கி ஏமாற்றாதே. ஏ4 தாளில் 11 புள்ளி எழுத்தில் நானூறு வார்த்தைக்குள் நிற்கட்டும். "ஆராயப்படலாம்", "சாத்தியக்கூறு உள்ளது" போன்றவற்றைத் தேடித் தேடி நீக்கு. உறுதியில்லாத எண் இருந்தால் அது ஏன் உறுதியில்லை என்று நேராகச் சொல். வார்த்தையை வழவழப்பாக்கி மறைக்காதே.

முடிந்ததும் தாளை ஸ்டோர்ஸிலோ அக்கவுண்ட்ஸிலோ இருக்கும் ஒருவரிடம் கொடு. கம்ப்ரசரைப் பற்றி எதுவும் அறியாதவராக இருப்பது நல்லது. ஒரு நிமிடம் படிக்கவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டு, "நான் என்ன கேட்கிறேன்?" என்று கேள். "ஏதோ காற்று லீக் பற்றி எழுதியிருக்கிறாய்" என்றால் தோற்றுவிட்டாய், முதல் வரியைத் திரும்ப எழுது. "பதினாலு லட்சம் இப்போ வேண்டாம், ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடு, ஆயுத பூஜை லீவில் முடிச்சிடறேன்னு சொல்ற. ரெண்டாவது லைன் வந்தா மறுபடி பேசணும்ங்கற" என்று அவர் சொன்னால், கையெழுத்துப் போடு. மாடியேறிப் போய் அந்த ஒற்றைத் தாளை ஜி.எம். மேசையில் வை. "இதற்கு ஆதாரம்?" என்று அவர் கேட்பார். கேட்கட்டும்! ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்து நின்று அளந்த ஆள் நீ. இணைப்பின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டு.