பக்கத்து மெஷினில் இருப்பவர் படிப்பார்

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. சூப்பர்வைசர் தகாத முறையில் தொடுகிறார், தட்டிக்கேட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்கிறார். இதை நாலு பேருக்குத் தெரியும்படி போடுங்கள், ஆனால் நான்தான் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று கேட்டிருந்தார். (இங்கே அவருடைய விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பெயரையும் போன் நம்பரையும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். மிச்சம் இருந்ததைப் பாருங்கள்: மூன்றாவது லைனில் பேட்லாக் டெய்லர், சொந்த ஊர் தேனிப் பக்கம், போன மாதம் ஆபரேஷனுக்காக லீவு, செவ்வாய்க்கிழமை ஒன்றரை ஷிப்ட். சென்னையில் இருந்து படிப்பவருக்கு இவற்றால் ஒன்றும் புலப்படாது. அதே லைனில் இருப்பவருக்கோ ஒரு நிமிடம் போதும். அங்கே பேட்லாக் ஓட்டுபவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தால் தேனிக்காரர்கள் இரண்டு பேர்தான், அதில் ஆபரேஷன் லீவு எடுத்தவர் ஒருவர்தான். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே அடையாளம் இல்லை, சேர்ந்து நின்றால் பெயரைவிடத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, முன்பின் தெரியாதவர் கண்டுபிடிப்பாரா என்று நான் பார்ப்பதில்லை. பக்கத்து மெஷினில் இருப்பவர், லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரர், ஊரிலிருக்கும் மாமியார், அந்த சூப்பர்வைசர் ஆகியோர் படித்தால் என்ன ஆகும் என்றுதான் பார்க்கிறேன். வேலையைப் பறிப்பதும் ஊரில் பேச்சைக் கிளப்புவதும் இவர்களால்தான் முடியும்.

பதவியில் இருப்பவர்களே இதில் தவறியிருக்கிறார்கள். 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றி வெளிவந்த அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் கல்லூரியும் இருந்தன. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் ஒரு தடவை பரவிய பெயரைத் திரும்ப வாங்க எந்த உத்தரவாலும் முடியாது.

எல்லாவற்றையும் வெட்டிவிடலாமே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவியபோது, திருப்பூரிலிருந்தும் பலர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கே, எப்போது எடுத்தது என்று தெரியாமல் சுற்றியவை அவை. வேறு இடத்தில், வேறு காரணத்தால் நடந்தவை என்று காவல்துறை தேடிக் காட்ட வேண்டியிருந்தது. இடமும் காலமும் இல்லாத செய்தியை யாரும் சரிபார்க்க முடியாது. உண்மையான புகாரும் வதந்தி மாதிரி ஆகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் கண்ட வழி, ஒரே செய்தியை இரண்டாக எழுதுவது. நடவடிக்கை எடுக்க வேண்டியவருக்கு முழு விவரமும் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்கும் குறைவான பவர்டேபிள் யூனிட் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால், அதில் பெயர், தேதி, லைன், பார்த்த சாட்சி எல்லாம் இருந்தாக வேண்டும். அந்தப் புகாரின் உள்ளடக்கத்தையும், அந்தப் பெண், குற்றம் சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்று அதே சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. சூப்பர்வைசர் பெயரைப் போட்டு நாறடிக்க வேண்டும் என்று எனக்கும் கை பரபரத்தது. போட்டால் அவர் கீழ் வேலை செய்யும் பெண்கள்மேல்தான் எல்லோர் கண்ணும் திரும்பும்.

பொதுவில் போடுவதற்கு, அந்தச் செய்தியில் கைவைக்காமல் வெற்றுத் தாளில் புதிதாக எழுதினேன். வெட்டிக்கொண்டே போனால் ஏதாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். புதிதாக எழுதினால் தேவையானது மட்டும்தான் உள்ளே வரும். 'திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. செவ்வாய்க்கிழமை இரவு ஷிப்டில் மேற்பார்வையாளர் தகாத முறையில் தொட்டதாக ஒரு பெண் தொழிலாளி சொல்கிறார். புகார்க் குழு என்று ஒன்று இருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை.' ஊரும், நடந்ததும், கம்பெனி செய்யத் தவறியதும் இதில் வந்துவிட்டன.

அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அப்படியே போட முடியாது; குரலே ஆளைச் சொல்லும். ஸ்கிரீன்ஷாட்டில் மேலே புரொஃபைல் படமும் குரூப் பெயரும் நிற்கும். போனில் ஹைலைட்டர் பேனாவால் நம்பரை மறைத்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது அடியில் இருப்பது தெரிந்துவிடலாம். சம்பளச் சீட்டில் பெயரை அடித்தாலும் இ.எஸ்.ஐ., பி.எஃப். எண்கள் மிஞ்சும்.

போடுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினார்.

"அக்கா, செவ்வாய்க்கிழமைங்கறத எடுத்துருங்க. அன்னிக்கு லைன்ல ராத்திரி நின்ன பொம்பளைங்க ரெண்டே பேருதான்."

'இந்த மாதம்' என்று மாற்றினேன். மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்.