உதட்டுக்கு உண்மையா, உள்ளத்துக்கு உண்மையா?

குடும்பங்களுக்காக எடுக்கப்பட்ட ஓர் ஆங்கிலக் குறும்படத்தைத் தமிழில் பேச வைக்கும் பணியில் உதவுமாறு நம்மை ஒரு முறை கேட்டுக்கொண்டனர். மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் போதும் என்றே எண்ணிச் சென்றோம். ஒலிப்பதிவுக்கூடத்தில் அமர்ந்த பின்னரே, நம்முன் இருப்பது மொழிச் சிக்கல் மட்டுமன்று, அறச் சிக்கலும்தான் என்பது புலப்பட்டது.

காட்சி எளியது. வீட்டை ஏமாற்றிப் பணத்தோடு ஓடிய மகன் திரும்பி வந்து தலைகுனிந்து நிற்கிறான். தந்தை இரண்டே வாக்கியங்கள் பேசுகிறார். 'லுக் அட் மீ, ஸன்' என்பது முதலாவது. அப்போது திரையில் மகனின் குனிந்த தலையே தெரிகிறது. தந்தையின் குரல் மட்டும் கேட்கிறது. மகன் நிமிர்கிறான். உடனே தந்தையின் முகம் திரையை நிறைக்கிறது. 'ஐ ஃபர்கிவ் யூ' என்கிறார். அதன்பின் நெடிய மௌனம்.

முதல் வாக்கியத்தில் தொல்லை இல்லை. உதடு தெரியாதபோது நேரம் ஒன்றே அளவுகோல். இரண்டாவதில்தான் சோதனை. திரைப்படம் ஒரு வினாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. இந்த வாக்கியத்துக்கு உள்ளவை 30 சட்டங்கள், அதாவது ஒன்றேகால் வினாடி. 'ஐ' என்பதற்கு 6, 'ஃபர்' என்பதற்கு 7, 'கிவ்' என்பதற்கு 8, 'யூ' என்பதற்கு 9 என்று எண்ணிக் குறித்திருந்தார் வசனம் எழுதிய இளைஞர். வாய் முதலில் அகலத் திறக்கிறது, பின் மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது, இதழ்கள் விரிகின்றன, மீண்டும் பல் உதட்டைத் தொடுகிறது, இறுதியில் இதழ்கள் குவிகின்றன.

இந்தக் கணக்கு தமிழுக்குப் புதிதன்று. ப, ம ஆகியவை இதழ் இயைந்து பிறப்பதையும், வகரம் பல்லும் இதழும் இயைந்து பிறப்பதையும், உ, ஒ முதலிய உயிர்கள் இதழ் குவிந்து பிறப்பதையும் தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகுத்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ஃப என்ற ஒலிக்கு நம் வகரம் வாயளவில் உறவினன். டப்பிங் எழுதுபவர் அறிந்தோ அறியாமலோ அந்த இயலின் மாணவரே.

நேர் மொழிபெயர்ப்பு 'நான் உன்னை மன்னிக்கிறேன்' என்பது. ஆங்கிலத்தில் நான்கு அசைப்புகள், தமிழில் ஏழு. வினைமுற்றின் விகுதியே 'நான்' என்பதைச் சொல்லிவிடுவதால் அச்சொல்லை விடலாம். 'உன்னை மன்னிக்கிறேன்' என்றால் ஆறு. ஒன்றேகால் வினாடிக்குள் அதைச் சொல்ல முடியும். ஆனால் வாய் அகலத் திறந்திருக்கும் இடத்தில் இதழ் குவியும் உகரம் வருகிறது. மகரத்துக்காக இதழ் மூட வேண்டிய வேளையில் திரையில் இதழ்கள் பிரிந்துவிட்டிருக்கின்றன. மூடாத வாயிலிருந்து மகரம் ஒலித்தால் பார்ப்பவர் காரணம் அறியாவிட்டாலும் பொய்யை உணர்ந்துவிடுவார். கண் காண்பது செவி கேட்பதையே மாற்றிவிடும் என்று மெக்கர்க், மெக்டொனால்டு என்னும் இரு ஆய்வாளர்கள் 1976இல் காட்டினார்கள்: 'ப' என்ற ஒலியைக் கேட்டுக்கொண்டே 'க' என்று அசையும் வாயைப் பார்த்தவர்களில் பலர் 'ட' போன்ற மூன்றாவது ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள்.

இளைஞர் பல முறை எழுதி அழித்து, முடிவில் முகமலர்ச்சியோடு ஒரு தொடரை நீட்டினார்: 'அதை விடு.' நான்கே அசைப்புகள். அகரத்தில் வாய் திறக்கிறது. 'கிவ்' முடியும் இடத்தில் வகரம் வந்து பல் உதட்டைத் தொடுகிறது. 'யூ' குவியும் இடத்தில் 'டு' குவிகிறது. பேசிப் பார்த்தபோது அந்த வெளிநாட்டு நடிகர் தமிழராகவே பிறந்தவர் போலத் தோன்றினார். கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

நம்மால் கைதட்ட இயலவில்லை. 'அதை விடு' என்பது மன்னிப்பா? பேருந்தில் காலை மிதித்தவரிடமும் நாம் அதையே சொல்கிறோம். நடந்தது பெரிதன்று, பேச வேண்டா என்பது அதன் பொருள். மன்னிப்போ, நடந்தது பெரிது என்று ஒப்புக்கொண்ட பின்னரே தொடங்குகிறது. தவறு சிறிதென்றால் மன்னிக்க ஒன்றுமில்லை. அத்தந்தை குற்றத்தைப் பார்த்துப் பேசவில்லை, மகனைப் பார்த்துப் பேசுகிறார். 'அதை' என்ற ஒரு சொல் மகன் இருந்த இடத்தில் பணத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறது.

நமக்குள்ளேயே ஓர் எதிர்வாதமும் எழுந்தது. குருமடத்தில் கற்ற கிரேக்கம் நினைவுக்கு வந்தது. நற்செய்திகளில் மன்னிப்பைக் குறிக்க வரும் 'அஃபியேமி' என்னும் வினைக்கு விட்டுவிடுதல், போகவிடுதல் என்பதே அடிப்படைப் பொருள். மாற்கு நற்செய்தியில் முதற்சீடர்கள் வலைகளை விட்டுச் சென்றதற்கும் அதே வினைதான். அப்படியானால் 'விடு' என்பதைக் குறை கூறலாமா? சிந்தித்தபோது வேறுபாடு தெளிந்தது. அங்கே விடுபவர் கடன் கொடுத்தவர். அவரே தம் உரிமையை விடுகிறார். 'அதை விடு' என்பதோ ஏவல். விடும் பொறுப்பு கடன்பட்டவன் தலையில் விழுகிறது. சொல் ஒன்றாயினும் விடுபவர் மாறிவிட்டார்.

வேறு வழிகளையும் ஆராய்ந்தோம். மன்னிப்பை முதல் வாக்கியத்துக்கு மாற்றி, முகம் தெரியும் இடத்தில் வேறு சொல் வைக்கலாமா? மகன் நிமிர்வது 'என்னைப் பார்' என்பதைக் கேட்டு. இடம் மாற்றினால் மன்னிப்பைக் கேட்ட பிறகே அவன் நிமிர்கிறான். கண்ணோடு கண் நோக்கிக் கொடுத்த மன்னிப்பு, குனிந்த தலைக்குக் கொடுத்ததாகிவிடும். 'மன்னிச்சிட்டேன்' என்ற பேச்சு வடிவம் இயல்பானதே. ஆயினும் அந்தக் காட்சியில் அது முன்பே முடிந்த தீர்ப்பை அறிவிப்பது போல ஒலித்தது. பின் எதற்காக என்னைப் பார் என்றார்?

இறுதியில் குரல் கொடுத்த முதியவரே வழி காட்டினார். 'ஐ' என்னும் முதல் 6 சட்டங்களில் அவர் பேசவில்லை. பேசுவதற்கு முன் எழும் மூச்சாக அதை ஆக்கினார். பல் உதட்டைத் தொடும் ஃபகரத்தின்மேல் மகரத்தை வைத்தார். உதடு மேலெழும் அந்தக் கணம் கண்ணுக்கு ஏறக்குறைய மூடியதாகவே தெரிகிறது. 'கிவ்' என்று இதழ் விரியும் இடத்தில் 'னிக்கி' அமைந்தது. எஞ்சிய 24 சட்டங்களில், ஒரு வினாடியில், 'மன்னிக்கிறேன்' என்ற ஒரே சொல் நிறைந்தது. முடிவில் குவியும் இதழுக்கு 'றேன்' பொருந்தவில்லை. ஆனால் மூட வேண்டிய இதழ் மூடாததைப் பொறுக்காத கண், குவிவில் நேரும் பிழையை எளிதில் பொறுத்துக்கொள்கிறது. அவர் அந்த அசையைத் தணிந்த குரலில் மௌனத்துக்குள் கரையவிட்டார்.

'உன்னை' என்ன ஆயிற்று? முதல் வாக்கியத்தை 'என்னைப் பார், மகனே' என்று அமைத்தோம். 'மகனே' என்பதற்கு அடுத்து வருவது 'மன்னிக்கிறேன்'. யாரை என்று எவரும் கேட்கவில்லை.

ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முறை படத்தைப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை கேட்டோம். முதற்சோதனையில் 9 சட்டங்கள் தோற்றன. இரண்டாவதில் ஒன்றும் தோற்கவில்லை. 'அதை விடு' என்ற தொடரோ முதற்சோதனையில் ஏறத்தாழ முழுமையாகவே வென்றிருக்கும்.

உதட்டை மதியாத வசனம் நடிகரின் உழைப்புக்குத் துரோகம். காண்பவரையும் காட்சியிலிருந்து வெளியேற்றிவிடும். ஆகவே உதட்டுக்கும் நாம் கடன்பட்டவர்களே. இரண்டு கடன்களையும் முழுமையாகத் தீர்க்க இயலாதபோது எதில் குறை வைப்பது என்பதே கேள்வி. 9 சட்டங்களின் குறை தெரியும். தெரிவதால் அது யாரையும் ஏமாற்றுவதில்லை. பொருத்தமான உதட்டில் ஏறிவந்த பொருந்தாத பொருளோ, பிழை என்றே தெரியாமல் உள்ளே புகுந்துவிடும். அந்த இளைஞர் தம் 'அதை விடு'வைத் தாமே அடித்துவிட்டு, வருத்தத்தோடு சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வருத்தத்தை நாம் இன்றும் மதிக்கிறோம்.