அட்டவணைக்கு இரண்டு வரி

கோலா தெர்லா உறவுகளே, கம்போங் ராஜா, புளூ வேலி, தானா ராத்தா சொந்தங்களே, செவி கொடுங்கள். வாக்கு எண்ணி முடிந்த இரவில் ஓர் அட்டவணை வரும். அதை இரண்டு வரியில் ஊருக்குச் சொல்லும் பொறுப்பு நம்மில் யாராவது ஒருவர் தலையில் விழும். அவர் எழுதிய வரி விடிவதற்குள் வீடு வீடாகப் போய்விடும். அட்டவணையை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். தப்பாகப் போன வரியைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆகவே அனுப்புமுன் நிதானியுங்கள்.

நம் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 2018 மே 9 பொதுத் தேர்தலில் தேசிய முன்னணிக்காக நின்ற ம.இ.கா.வின் சிவராஜ் வென்றார். ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை நவம்பர் 30 அன்று செல்லாது என்றது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் முன்னணியின் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி ஆனார். நம்பிக்கைக் கூட்டணிக்கு இரு முறையும் ஜசெகவின் மனோகரன்தான் வேட்பாளர்.

| | 2018 | 2019 |
|---|---|---|
| தேசிய முன்னணி | 10,307 | 12,038 |
| நம்பிக்கைக் கூட்டணி | 9,710 | 8,800 |
| பாஸ் | 3,587 | போட்டியிடவில்லை |
| மற்றவர்கள் | 761 | 590 |

இதை அப்படியே வாய்விட்டு ஒப்பிப்பவர் உண்டு. “பத்தாயிரத்து முந்நூற்று ஏழு, ஒன்பதாயிரத்து எழுநூற்றுப் பத்து” என்று அவர் முடிக்கும்போது கேட்டவருக்கு யார் வென்றார் என்பதே மறந்துபோகும். எண்கள் அட்டவணையிலேயே பத்திரமாக இருக்கின்றன. அவற்றைச் சுமந்து வரச் சொல்லி நம்மை யாரும் அனுப்பவில்லை. என்ன மாறியது என்று சொல்லத்தான் அனுப்பினார்கள்.

அதைவிடப் பெரிய பாவம், சுருக்குகிறேன் என்று பொய்யைச் சொல்வது. “மனோகரனின் ஆதரவு சரிந்தது” என்று ஒருவர் எழுதுவார். வாக்கு 910 குறைந்தது உண்மைதான். ஆனால் இரண்டு பத்திகளின் அடியிலும் கூட்டிப் பாருங்கள்: 2018இல் 24,365 வாக்கு, 2019இல் 21,428. வாக்களிக்க வந்தவர்களே குறைந்துவிட்டார்கள். விழுந்த வாக்கில் அவர் பங்கு முன்பு நூற்றுக்கு 40, பிறகு 41. சரிவு எங்கே இருக்கிறது? கூட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்து ஒரு மனிதரின் பெயரைக் கெடுப்போமா?

“பாஸ் வாக்கெல்லாம் முன்னணிக்குப் போனது” என்று இன்னொருவர் எழுதுவார். இதில்தான் நாம் அதிகம் வழுக்கி விழுகிறோம், ஏனென்றால் கேட்பதற்கு நம்பும்படி இருக்கிறது. பாஸ் பெற்றிருந்தது 3,587; முன்னணிக்குக் கூடியது 1,731 மட்டும். மீதிப் பேர் வீட்டில் இருந்தார்களா, பக்கம் மாறினார்களா? யார் எங்கிருந்து எங்கே போனார் என்று மொத்தக் கணக்கு ஒருநாளும் சொல்லாது. அட்டவணை சொல்லாததை அதன் பெயரில் சொல்லாதீர்கள். ஊகம் என்றால் ஊகம் என்றே எழுதுங்கள்.

“பெரும்பான்மை ஐந்து மடங்கு” என்பதும் வரும். கணக்கு சரி. பழைய பெரும்பான்மை வெறும் 597 என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மை. முன்னணியின் வாக்கு கூடியது ஆறில் ஒரு பங்குதான்.

பிறகு எப்படி எழுதுவது? முதலில் மொத்தத்தைக் கூட்டுங்கள். அடுத்து எது பெரிய மாற்றம் என்று பாருங்கள். அந்த மாற்றத்துக்கு மட்டும் எண் கொடுங்கள்; மற்றதற்குத் திசை போதும். இரண்டு ஆண்டுகளையும் நேருக்கு நேர் வைக்கத் தடை ஏதும் இருந்தால் அதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். நான் எழுதியிருந்தால் இப்படி எழுதுவேன்:

“பாஸ் நிற்காத, வாக்குப்பதிவும் குறைந்த இடைத்தேர்தலில் தேசிய முன்னணி பாதிக்கு மேல் வாக்கு பெற்று, 597ஆக இருந்த பெரும்பான்மையை 3,238ஆக உயர்த்தியது. நம்பிக்கைக் கூட்டணியின் வாக்கு குறைந்தாலும் அதன் பங்கு கிட்டத்தட்ட மாறவில்லை.”

அட்டவணையின் எந்த எண்ணும் அதில் அப்படியே இல்லை. இரண்டும் கழித்து எடுத்த எண்கள். மற்றவர்களை விட்டேன், 2019இல் அவர்கள் வாக்கு முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த அட்டவணையை வைத்து “கோலா தெர்லா இப்படி வாக்களித்தது” என்று எழுத நமக்கு உரிமை இல்லை. “தமிழர்கள் இப்படி” என்று எழுதவும் இல்லை. இது தானா ராத்தா, ஜெலாய் என்ற இரண்டு சட்டமன்றத் தொகுதிகளின் கூட்டுக் கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேண்டுமானால் நம் வாக்களிப்பு மையத்தின் பாரம் 14ஐக் கேட்டு வாங்குங்கள். எண்ணும் இடத்தில் இருந்த வேட்பாளரின் முகவரிடம் நகல் இருக்கும். அது கைக்கு வரும்வரை நம் ஊரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம்.